கட்டைவிரல் நோட்டீஸ்

எங்கள் வீட்டு ஆளின் பெயரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டிக் காட்டிவிடுவேன். இதிலும் சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், ஊருக்கு ‘சார்’, எனக்கு ‘இவிய’. அவ்வளவு தெரிந்தால் போதும்.

கோவில்பட்டியில் ஹாக்கி பிடிக்காத ஆள் யாராவது இருந்தால் அவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவராக இருப்பார். இவருக்கோ அது முற்றிப்போன கேஸ். ஆடுகிற வயது போனதும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்பயர் ஆகிவிட்டார். வீட்டிலும் கழற்ற மாட்டார். காப்பி கேட்க ஒருநாள் ஊதினார் பாருங்கள், அன்றைக்கு நான் விட்ட டோஸில் வீட்டுக்குள் மறுபடி ஊதவே இல்லை.

நான் பார்மசி படித்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருந்தேன். மாடியில் ஒரு டாக்டர் கிளினிக் நடத்தினார். மதுரையில் படித்துவிட்டு வந்த பையன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நோயாளிகள் மாடிப்படி இறங்கினால் நேரே என் கடை.

இவருக்கு வலது கால் கட்டைவிரல் முதன்முதலாக வீங்கியபோது பழி பந்தின் மேல் விழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் பயிற்சியில் பந்து பட்டதாம். எங்கே பட்டது, எப்போது பட்டது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். விடியற்காலையில் எழுந்து பார்க்கிறேன், விரலின் அடிமூட்டு சிவந்து பளபளவென்று இருக்கிறது. போர்வை பட்டால் அலறுகிறார். மின்விசிறிக் காற்று படுகிறது, அதை நிறுத்து என்கிறார். பந்து பட்ட வலி இப்படியா இருக்கும் என்று நான் சொன்னால் யார் கேட்பது? சுளுக்கு எடுக்கிறவரிடம் போனார். அவர் எண்ணெய் போட்டு விரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். இவர் போட்ட சத்தம் மார்க்கெட் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நல்லா வேணும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஆட்டோவிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, “தப்புத்தான் ஏட்டி, மாடிக்குக் கூட்டிட்டுப் போ” என்றபோது மனசு கரைந்துவிட்டது.

டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, “கவுட் மாதிரித்தான் தெரியுது சார், யூரிக் அமிலம் கூடி மூட்டுல படியுறது” என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் யூரிக் அமிலம் சரியான அளவில் இருந்தது. எங்க வீட்டு ஆள் அந்தத் தாளை எனக்கு முன்னால் விசிறியாக ஆட்டினார். “நார்மல்! பாத்தியா? பந்துதான்!” டாக்டர் சிரித்தார். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டுவது உண்டு, வீக்கம் வடிந்து ரெண்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றார். அப்படிப் பார்த்தபோது அளவு எகிறிக் கிடந்தது. பந்து அன்றோடு விடுதலை ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒருநாள் மத்தியானம் கீழே இறங்கி வந்தார்.

“அக்கா, கவுட்டுக்குன்னு தமிழ்ல ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்க. அச்சடிச்சு எல்லாருக்கும் கொடுப்போம்.”

“நான் எதுக்குத் தம்பி? டாக்டர் நீங்க இருக்கீங்க.”

“நான் சொல்றப்ப எல்லாரும் சரி சரின்னு தலையாட்டுறாங்க. கீழ எறங்கி உங்ககிட்ட வந்துதான் நெசமான கேள்வியக் கேக்குறாங்க. அதுக்கெல்லாம் பதில் எழுதுங்க. மருந்து விசயம் சரியான்னு நான் பாத்துக்குறேன்.”

அது உண்மைதான். மாடியில் பேசாமல் இருந்துவிட்டு என்னிடம் வந்து, “பருப்பு திங்கலாமா தாயி?” என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். ‘குருதியில் யூரிக் அமிலத்தின் செறிவு மிகுவதால் மூட்டுகளில் படிகங்கள் தோன்றி அழற்சியை உண்டாக்குகின்றன’ என்று ஆரம்பித்திருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. இவர் வீக்கம் வடிந்த காலை ஆட்டிக்கொண்டு படித்தார்.

“இது யாருக்கு ஏட்டி? கலெக்டருக்கா?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கே புரியலியே. கோயில் கொடை நோட்டீஸ் பாத்திருக்கியா? என்னைக்குக் கால் நாட்டு, என்னைக்குக் கொடை, எத்தன மணிக்கு வில்லுப்பாட்டு, எடுத்த எடுப்புல சொல்லிருவான். செறிவாம், அழற்சியாம்! வலிச்சா என்ன செய்யணும், அதச் சொல்லு மொதல்ல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளைப் பிடுங்கிக் கசக்கிப் போட்டேன். ஆனால் சமையல் ஆகிற நேரத்துக்குள் அவர் சொன்னது சரி என்று புரிந்துவிட்டது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் ரெண்டு பேருமாக உட்கார்ந்தோம். நான் சொல்வேன், அவர் மைதானத்தில் பையன்களுக்குச் சொல்கிற பாஷையில் திருப்பிச் சொல்வார், நான் எழுதுவேன். ‘உங்கள் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடிவிட்டது. அது கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக மூட்டில் போய்ப் படிகிறது. அந்த ஊசிகள் கிளம்பும்போது வலி வருகிறது. வலி போனாலும் ஊசிகள் உள்ளேதான் இருக்கின்றன.’ இந்தக் கடைசி வரி அவருடையது. நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டினார். நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பகுதி வந்ததும் வீட்டில் சண்டை. இவருக்கு ஈரல் என்றால் உயிர். தூத்துக்குடியிலிருந்து காலையில் வருகிற மீன்வண்டியில் சாளையும் நெத்திலியும் வாங்காமல் விடமாட்டார். ஈரல், குடல், மூளை வேண்டாம், சாளை நெத்திலியைத் தள்ளி வையுங்கள், மற்ற கறியும் மீனும் கொஞ்சமாகப் போதும் என்று நான் எழுத எழுத அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. “ஒண்ணொண்ணா அடிக்கியே, என்னத்தத்தான் திங்க?” என்றார். பருப்பு, உளுந்து, கீரை, கம்பு, சோளம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், பாலும் மோரும் நல்லது, முட்டைக்குத் தடையில்லை என்று எழுதிய பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார். பருப்பை நிறுத்தச் சொல்லிப் பழைய ஆட்கள் பயமுறுத்தி வைத்திருந்த ஊர் இது. பீரும் சாராயமும் வேண்டாம், பீர் ரொம்ப மோசம் என்பதை எழுதச் சொல்லும்போது மட்டும் குடிக்காத மனுஷனுக்குக் குரல் கம்பீரமாக வந்தது. அதற்கு அடுத்த வரி இனிப்பான கலர் பாட்டில்கள், சர்பத், பதநீர், எல்லாவற்றையும் குறைக்க வேண்டும் என்று. பதநீர் என்றதும் அவர் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார்.

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் மட்டும் பெரும்பாலும் போதாது என்பதையும் எழுதினோம். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி இருந்தும் வலி வந்தால் ஆட்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். பலருக்கு உடம்பின் வாகே அப்படி, சிறுநீரில் வெளியே போக வேண்டியது சரியாகப் போகவில்லை, அதில் அவர்கள் செய்த பாவம் ஒன்றுமில்லை.

வலி வந்தால் என்ன செய்வது என்பதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டோம். காலை உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டி வையுங்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள், இழுக்காதீர்கள். இதை அவரே சத்தமாகச் சொல்லி எழுத வைத்தார். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை வலி தொடங்கின உடனேயே போட வேண்டும், தள்ளிப்போட்டால் வலி அடங்க நாளாகும். அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது. வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு இருந்தால் சில மாத்திரைகள் ஆகாது. காய்ச்சலும் சேர்ந்து வந்தால் உடனே வரவேண்டும், மூட்டில் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பகுதிதான் முக்கியமானது. யூரிக் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. அது வலி மாத்திரை இல்லை. வலிக்கும்போது போட்டால் வலி நிற்காது. வலி இல்லாத நாளிலும் தினமும் போட வேண்டும், வருஷக்கணக்காக. சின்ன அளவில் ஆரம்பித்து, ரத்தத்தில் ஆறுக்குக் கீழே இறங்குகிற வரைக்கும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். ஊசிகள் கரையத் தொடங்குகிற முதல் சில மாதம் மறுபடியும் வலி வரலாம். அதற்குத் துணை மாத்திரை தருவார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் தடிப்போ, வாயில் புண்ணோ வந்தால் மட்டும் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள்.

அச்சகத்தில் ரோஸ் கலர் தாளில் அடித்துக் கொடுத்தார்கள். கொடை நோட்டீஸ் அடிக்கிற அதே தாள். மேலே நாங்கள் சொல்லாமலே பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். டாக்டர் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, “இருக்கட்டும் அக்கா, அப்பத்தான் கீழ போட மாட்டாங்க” என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. அந்தத் தாளில் யாரும் வடை மடித்து நான் பார்க்கவில்லை.

இவரும் மாத்திரை தொடங்கினார். ரெண்டாம் மாதம் ஒரு தரம் விரல் முணுமுணுத்தது, நோட்டீஸில் போட்டிருந்தபடியே. நிறுத்தவில்லை. பொங்கல் கழிந்து ரத்தம் பார்த்தபோது ஆறுக்குக் கீழே வந்திருந்தது. அன்றைக்கு என் கடைக்கு வந்து, ஆட்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், “ஏட்டி, கோல் போட்டாச்சு!” என்று கத்தினார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

அந்த வருஷம் அவருக்கு இன்னொரு சந்தோஷமும் வந்தது. மே மாதம் ஊரில் நடக்கிற டோர்னமென்டில் பைனலுக்கு அவரை அம்பயராகப் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் லீக் மேட்ச், கால் இறுதி என்றுதான் கொடுத்திருந்தார்கள். பைனல் கிடைத்ததே இல்லை. கமிட்டியில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குப் பைனல் கொடுப்பதில்லை என்று ஒரு வழக்கம். இவருக்கு அந்த ஆவணியில் ஐம்பது. அதாவது இந்த ஒரு தடவைதான், விட்டால் கிடையாது. கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போன அன்று சாயங்காலம் வெள்ளைக் கால்சட்டையை எடுத்து வைத்து, நீலம் போட்டுத் துவைக்கச் சொல்லி என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று கை காட்டிப் பழகினார். நான் கதவோரம் நின்று பார்த்தது அவருக்குத் தெரியாது. பதினெட்டு வயசுப் பையனுக்குக்கூட அப்படி ஒரு முகம் வராது.

கத்திரி தொடங்கியது. எங்கள் கரிசல் பூமியில் கத்திரி வெயில் என்றால் சும்மா இல்லை. தரை வெடித்துக் காலை உள்ளே வாங்கிக்கொள்ளும். வீட்டில் கருவாடு குறைந்துவிடும், பூண்டு குறைந்துவிடும், மாம்பழத்தைக்கூடத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் வெட்டுவார்கள். சூடு என்று பெயர் வாங்கிய எதையும் யாரும் கிட்டே சேர்ப்பதில்லை.

அந்த நாளில் ஒரு காலை, ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் கடைக்கு வந்தார். கவுட்டுக்காரர், தவறாமல் மாத்திரை வாங்குகிறவர். பி.பி. மாத்திரை மட்டும் கேட்டார்.

“அண்ணாச்சி, அந்த இன்னொரு மாத்திரை முடிஞ்சிருக்குமே?” என்றேன்.

“அது இப்ப வேண்டாம்மா. கத்திரி கழியட்டும். சூடுல்லா அது.”

“யாரு சொன்னா சூடுன்னு?”

“சார்தான் சொன்னாவ.”

“எந்த சார்? மாடி டாக்டரா?”

“இல்லம்மா.” அவர் கொஞ்சம் தயங்கினார். “உங்க சார்தான். அவுகளும் நிப்பாட்டிட்டாவளாம். கெரவுண்டுல எல்லாருக்கும் சொன்னாவளே.”

ஊருக்கெல்லாம் ரோஸ் கலரில் ‘நிறுத்தாதீர்கள்’ என்று அச்சடித்துக் கொடுத்தவள் நான். அதை நிறுத்தச் சொல்லிப் பிரசாரம் பண்ணுகிறவர் என் வீட்டில் சாப்பிடுகிறவர். அண்ணாச்சியை அப்படியே மாடிக்கு அனுப்பிவிட்டு, கடைப் பையனிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வெயிலென்றும் பாராமல் வீட்டுக்குப் போனேன்.

பனியனோடு உட்கார்ந்து செம்பில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் பதநீர்.

“மாத்திரை போடுதீயளா இல்லியா?”

“எந்த மாத்திரை?”

“நடிக்காதீங்க.”

செம்பைக் கீழே வைத்தார். “கத்திரி ஆரம்பிச்சதுல இருந்து போடல. இந்தா பாரு, கோவப்படாத. மாசக்கணக்கா ஒரு மாத்திரையத் தின்னா ஒடம்பு காந்தாதா? கத்திரி முடியவும் மறுபடி போட்டுக்குவேன். வலிதான் இல்லியே.”

“வலி போனாலும் ஊசி உள்ள இருக்குன்னு எழுதுனது யாரு? நீங்கதான!”

“அது உள்ளதுதான். ஆனா அந்த நோட்டீஸ்ல கத்திரியப் பத்தி ஒண்ணும் போடலியே.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கத்திரி இல்லை. டாக்டர் படித்ததிலும் இருந்திருக்காது. சூடு, குளுமை என்று பார்த்துச் சாப்பிடுகிற ஊருக்கு எழுதினோம், அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மாத்திரைக்குச் சூடு கிடையாது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் யாராவது அப்படி நினைப்பார்கள் என்றே தோன்றவில்லை. நிஜத்தில் வெயில் காலத்தில்தான் இன்னும் கவனம் வேண்டும். வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றினால் யூரிக் அமிலம் கூடும். குளுமைக்கென்று தினமும் குடிக்கிற பதநீரின் இனிப்பும் அதைக் கூட்டும்.

“டாக்டர்கிட்ட வாங்க, இப்பவே போவோம்” என்றேன்.

“பைனல் முடியட்டும் ஏட்டி. இன்னும் கொஞ்ச நாள்தான. சாமி சத்தியமா அதுக்கப்புறம் நீ சொல்றதத்தான் கேப்பேன்.”

கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. செமி பைனலுக்கும் இவரே ஊதினார், முழு மேட்சும் வெயிலில் ஓடிவிட்டு வந்தார். தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. நான் செம்போடு பின்னாலேயே நடந்தேன்.

பைனலுக்கு முந்தின நாள் விடியற்காலையில் அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால் அதே விரல், அதே பளபளப்பு. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டுவதற்கு என்னிடம் ஒரு மூட்டை வார்த்தை இருந்தது. ஒன்றையும் அவிழ்க்க மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையணையை வைத்துக் காலை உயர்த்தி, துணியில் ஐஸ் கட்டி சுற்றி வைத்தேன். “சாமி, என்னங்க இது” என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். இவருக்கு ஏற்கெனவே வயிற்றுப் புண் உண்டு, அதனால் வழக்கமான வலி மாத்திரை ஆகாது. கோல்ச்சிசின் என்கிற வேறொரு மாத்திரை கொடுத்தார், கவுட் வலிக்கென்றே உள்ளது. அந்தக் காலத்தில் வயிற்றோட்டம் ஆகிற வரைக்கும் அதை விழுங்கச் சொல்வார்கள். டாக்டர் அப்படிச் செய்யவில்லை, கொஞ்சமாகத்தான் கொடுத்தார்.

“டாக்டர், ஒரு ஊசி போட்டு நிக்க வையுங்க. ஒரே ஒரு மேட்சு. முடிஞ்சதும் காலையே எடுத்துக்கிட்டாலும் சரி.”

“மூட்டுல ஊசி போட்டா வலி கொறையும் சார். ஆனா நாளைக்கே ரெண்டு பாதியும் ஓடுற கால் இல்ல இது. நானே வந்து பிடிச்சுக்கிட்டாலும் ஓட முடியாது.”

“அப்ப அந்தத் தினசரி மாத்திரையையாவது இப்பவே போட்டா?”

“அது இந்த வலிக்கு இல்ல. விட்டு மூணு வாரம் ஆச்சு. வீக்கம் வடியட்டும், மறுபடி கீழ இருந்து ஆரம்பிச்சுக் கூட்டுவோம்.”

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் போன பிறகு கமிட்டிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினோம். அவர்கள் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது, “நல்ல அம்பயர்தான் அவரு” என்று ஒரு வார்த்தை சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் கிடப்பார் என்று நினைத்தேன். ஆட்டோ கூப்பிடு என்றார். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டார். கிளம்பும்போது, “கடையில நோட்டீஸ் கட்டு இருந்தா எடுத்துட்டு வா” என்றார். எதற்கு என்று கேட்டேன். “எடுத்துட்டு வாயேன்” என்றார்.

மைதானத்துக் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எதிரே ஒரு ஸ்டூலில் கால். துணி சுற்றின ஐஸ் கட்டியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மேட்ச் தொடங்க விசில் ஊதினபோது இவருடைய கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அங்கே விசில் இல்லை. வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தார். நான் மைதானத்தைப் பார்ப்பதாகப் பாவனை பண்ணிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டார்கள். ஊரே வந்து நின்றது. “என்ன சார் ஆச்சு? பந்து பட்டுருச்சா?”

சும்மா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நானேகூட ஆமாம் என்று சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன்.

“பந்து இல்லடே” என்றார். “கவுட்டு மாத்திரைய நிப்பாட்டிட்டேன். சூடுன்னு நெனச்சு. அதான் இங்கன உக்காந்திருக்கேன். உங்கள்ல யாருக்கெல்லாம் நான் நிப்பாட்டச் சொன்னேனோ எல்லாரும் நாளைக்குக் காலையில டாக்டரப் போயிப் பாருங்க. இந்தா, ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கோங்க.”

மடியிலிருந்த ரோஸ் தாளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஸ்கோர் எழுதுகிறவரிடம் பேனா வாங்கி ஒவ்வொரு தாளின் அடியிலும் ஏதோ எழுதிக் கொடுத்தார். ரெண்டாம் பாதி தொடங்கியும் எழுதிக்கொண்டிருந்தார். ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று நினைத்தேன், ஆனால் கோல் விழுந்த ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி, “சரியான கோல்” என்றார். நான் ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன்.

‘கத்திரி வெயிலிலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையில் சூடு இல்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். கத்திரியில் நிறுத்திய ஒருவர், தான் விசில் ஊத வேண்டிய பைனல் மேட்சை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.’

அடுத்த தடவை அச்சடிக்கும்போது முதல் மூன்று வரியைப் போட்டால் போதும் என்றேன். ஊர் சிரிக்கும், கடைசி வரி வேண்டாம் என்றேன். டாக்டருக்கும் தயக்கம்தான். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ எழுதுனதப் படிச்சும்தான ஏட்டி நான் நிப்பாட்டுனேன்? அந்த வரியப் போடு. அதப் படிச்சா நிப்பாட்ட மாட்டான்.” போட்டோம். இருதயம், சிறுநீரகம் சரியில்லாதவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும் என்று டாக்டர் ஒரு வரி சேர்த்தார். மறுபடியும் ரோஸ் தாள், மறுபடியும் பிள்ளையார் சுழி.

கமிட்டி வழக்கம் மாறவில்லை. அவருக்குப் பைனல் அப்புறம் கிடைக்கவே இல்லை. பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பள்ளிக்கூட மேட்சுகளுக்கு ஊதுவதையும் விடவில்லை. விரல் அதற்குப் பிறகு தொல்லை கொடுக்கவில்லை.

அடுத்த வருஷக் கத்திரியில், கயத்தாறுப் பக்கத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் கடைக்கு வந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு நோட்டீஸைக் கடை வாசலில் நின்று எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“இது நெசமாம்மா? பைனல உக்காந்தா பாத்தான்? யாரு அந்த ஆளு?”

இவர் மைதானத்துக்குப் போகிற வழியில் அப்போதுதான் கடைக்குள் வந்திருந்தார். கழுத்தில் விசில். இவர் மேஜை இழுப்பறையைத் திறந்து தன் மாத்திரையை எடுத்தார். டிரைவர் முன்னாலேயே வாயில் போட்டு, என் செம்பிலிருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

“யாரோ ஒரு கூமுட்ட தம்பி” என்றார். “நீ மாத்திரையப் போடு.”

டிரைவர் சிரித்துக்கொண்டே போனார். இவர் வெயிலில் இறங்கி மைதானத்தைப் பார்த்து நடந்தார். வாசல் வரைக்கும் போய், அந்த முனை திரும்புகிற வரைக்கும் அவர் கால் எடுத்து வைக்கிறதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.